ஆண் குழந்தையின் சிறுநீர்த் துவாரம் இடம் மாறியிருத்தல்: அறிகுறிகளும் அறுவை சிகிச்சைக்கு உரிய காலமும்

2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டம், 9 பிறவிக் குறைபாடுகளைப் பெயர் குறிப்பிட்டுக் கண்டறியச் சொல்கிறது. அன்னப்பிளவு, வளைபாதம் முதலியவை அதில் உள்ளன, ஹைப்போஸ்பேடியாஸ் இல்லை. ஆனால் ஏறத்தாழ 200 முதல் 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இக்குறைபாடு காணப்படுகிறது. ஆகவே குழந்தையைக் குளிப்பாட்டும்போது நீங்கள் கவனிப்பதே பல நேரங்களில் முதல் பரிசோதனையாக அமைகிறது.

தேவர்சோலைத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில், பிறந்து பத்து நாட்களான ஓர் ஆண் குழந்தையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஆண்குறியின் நுனித்தோல் மேற்புறம் முக்காடுபோல் திரண்டிருக்கிறது. கீழ்ப்புறம் தோல் இல்லை. சிறுநீர் நுனியிலிருந்து வராமல், சற்றுக் கீழேயுள்ள துவாரத்திலிருந்து கால்களை நோக்கி வழிகிறது. உறுப்பு கீழ்நோக்கி வளைந்தும் இருக்கலாம். இவையே இக்குறைபாட்டின் அறிகுறிகள்.

இத்தோற்றத்தைச் சிலர் "பிறவியிலேயே சுன்னத்" எனக் கருதி விட்டுவிடுகின்றனர். சிலர் எஞ்சிய தோலையும் அகற்றிவிடுகின்றனர். இக்குழந்தைகளுக்குச் சுன்னத் செய்யக்கூடாது. புதிய சிறுநீர்ப் பாதையை அமைக்கவும் அதனை மூடவும் அந்தத் தோல் தேவைப்படலாம். அறுவை சிகிச்சையின்போதே அதற்கும் தீர்வு காணப்படும்.

அடுத்து, விதைப்பையில் இரு விதைகளும் உள்ளனவா என மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் தென்படாவிடில் தாமதிக்கலாகாது. ஆண் போலத் தோன்றும் குழந்தை, அட்ரினல் சுரப்பிக் கோளாறுடன் பிறந்த பெண் குழந்தையாகவும் இருக்கக்கூடும். முதல் சில வாரங்களுக்குள் உடலில் உப்புச் சத்துக் குறைந்து, வாந்தியும் சோர்வும் ஏற்பட்டு, உயிருக்கே ஆபத்து நேரலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இரு விதைகளும் இருந்து, சிறுநீர் தடையின்றிக் கழிந்தால் அவசரமில்லை. அறுவை சிகிச்சை பொதுவாக 6 முதல் 18 மாத வயதிற்குள் செய்யப்படுகிறது. அவ்வயதில் மயக்க மருந்து கொடுப்பதன் ஆபத்து குறைந்திருக்கும். சிகிச்சையின் நினைவும் குழந்தையிடம் தங்காது. துவாரம் மிகவும் கீழே இருந்தால், ஏறத்தாழ ஆறு மாத இடைவெளியில் இரு கட்டங்களாகச் செய்ய நேரிடலாம். எனவே கூடலூர் அரசு மருத்துவமனையில் காட்டி, குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவுள்ள கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் பெறுவதை முதல் சில மாதங்களிலேயே முடித்துவிடுங்கள்.

சிகிச்சைக்குப் பின் பெரும்பாலும் ஒரு வாரம் சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டிருக்கும். குழாய் அடைபட்டாலோ கழன்றாலோ உடனே கவனிக்க வேண்டும். ஆகவே அது எடுக்கப்படும்வரை, மலையேறித் திரும்பாமல் மருத்துவமனைக்கு அருகில் தங்குவது நன்று. பின்னர் வேறொரு துளை வழியே சிறுநீர் கசிந்தாலோ, தாரை மெலிந்து குழந்தை முக்கினாலோ மீண்டும் காட்டுங்கள். கசியும் துளை தானாக மூடாவிடில், பொதுவாக ஆறு மாதங்கள் கழித்துச் சீர்செய்யப்படும்.