வைத்தியர் கையில் கொடுக்க ஒரு தாள்



ஸ்ரீராமபுரத்தில் நம் தமக்கையார் வீடு இருக்கிறது. தமக்கையின் கணவர், நாம் மாமா என்றழைப்பவர், கட்டட மேஸ்திரி. வயது 46. தருமபுரிப் பக்கமிருந்து பெங்களூருக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சென்ற ஆண்டு பொங்கலையொட்டி அவருக்கு வயிற்று நோய் தொடங்கிற்று. ஆகஸ்டு மாதத்திற்குள் மூன்று வைத்தியர்களைப் பார்த்துவிட்டார். மூவரிடமும் அவர் கூறியது ஒரே வாக்கியம்: "கேஸ் டிரபிள் சார், ரொம்ப நாளா." மூவரும் ஏறக்குறைய ஒரே மாத்திரையை எழுதித் தந்தனர். அவர்கள்மீது குறை கூறுவதற்கில்லை. அந்த வாக்கியத்திலிருந்து வேறு என்ன எழுத முடியும்?

நான்காவதாக, இரைப்பை குடல் நோய்களுக்கென்றே உள்ள வைத்தியரிடம் நாள் குறித்தாயிற்று. முந்தின ஞாயிறன்று தமக்கை நம்மை வரவழைத்து, துணிக்கடைப் பை நிறையக் காகிதங்களை முன்னே கொட்டினாள். ஸ்கேன் படம், மருந்துக்கடைச் சீட்டு, மூன்று பரிசோதனை நிலையங்களின் ரிப்போர்ட்டுகள், ஒரு மின்சார பில் கூட இருந்தது. "இதையெல்லாம் டாக்டர் பார்ப்பாரா தம்பி?" என்றாள். பார்க்க மாட்டார் என்பதை நாம் அறிவோம். ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே அதிகம். அந்தப் பத்தில் ஐந்தைப் பை தின்றுவிட்டால் மாமாவுக்கு மிஞ்சுவது ஐந்து. ஆகவே இருபுறமும் எழுதிய ஒரே தாள் தயாரிப்பதென்று அமர்ந்தோம். அது எவ்வாறு உருவாயிற்று என்பதே இத்திங்கள் நம் பகுதி.

முதற்கண், "கேஸ்" என்ற சொல்லை அடித்தோம். நம்மவர் ஏப்பத்தையும் கேஸ் என்பர். வயிறு உப்புவதையும் கேஸ் என்பர். மார்பு வலியையும் கேஸ் என்றே சொல்லி ஆபத்தில் சிக்கியோரும் உண்டு. மாமாவைச் சட்டையைத் தூக்கி ஒரே விரலால் வலிக்குமிடத்தைத் தொடச் சொன்னோம். மார்பெலும்பின் முடிவுக்கும் தொப்புளுக்கும் நடுவே தொட்டார். "எரிகிறதா, பிடித்து இழுக்கிறதா, குத்துகிறதா?" என்றோம். "எரியுது மச்சான். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி விடுது. ஒரு பிஸ்கோத்துத் தின்னா அரை மணி அடங்குது" என்றார். இத்தனை மாதங்களில் இதை அவர் எவரிடமும் சொன்னதில்லை, எவரும் கேட்டதுமில்லை. உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி, உணவால் சற்றுத் தணியும் வலி என்பவை வைத்தியருக்குப் பொருளுள்ள செய்திகள்.

இங்கே மொழிச் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். நெஞ்சு எரிச்சல் வேறு, வயிற்றெரிச்சல் வேறு. பின்னதற்குத் தமிழில் பொறாமை என்றும் பொருள். கன்னடத்து 'ஹொட்டே உரி'யும் அப்படியே. இரண்டு மொழிக்காரரும் சிரித்துக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவர். அதுபோலவே, குமட்டலோடு வெளிவருவது வாந்தி. குமட்டலின்றிப் புளிப்பாய்த் தொண்டைவரை ஏறி வருவது எதுக்களிப்பு. எதுக்களிப்பை வாந்தி என்று மொழிபெயர்த்தால் வைத்தியரின் எண்ணம் வேறு திக்கில் ஓடும். ஆதலால் தாளில் நோயின் பெயரை எழுதாமல், நடப்பது என்னவோ அதையே எழுதினோம். வைத்தியர் தமிழ் படிப்பவரல்லர் என்பதால் எளிய ஆங்கிலத்தில் எழுதினோம். நம் மெட்ரிக்குலேஷன் ஆங்கிலம் அதற்குப் போதுமானதாயிருந்தது.

அடுத்து மலம். கூச்சப்பட்டுப் பயனில்லை. இங்கிலாந்திலுள்ள பிரிஸ்டல் நகரத்து வைத்தியர்கள் மலத்தின் உருவத்தை ஏழு வகையாகப் பிரித்த ஓர் அட்டவணை 1997இல் வெளியாயிற்று. உலகெங்கும் வைத்தியர்கள் அதைப் பயன்படுத்துகின்றனர். கொட்டைகள் போலத் தனித்தனியாய்க் கெட்டியாக வருவது முதல் வகை. வழுவழுப்பாய் மிருதுவாய் நீண்டு வருவது நான்காவது. வெறும் நீராய்ப் போவது ஏழாவது. 'மோஷன் சரியில்லை' என்பதைவிட, 'நாளுக்கு மூன்று முறை, ஆறாம் வகை' என்பது எத்துணைத் தெளிவு! மாமாவுக்கு அநேகமாக நான்காம் வகைதான். ஆனால் நிறத்தைக் கேட்டபோது அவர் சற்றுத் தயங்கினார். மே மாதத்தில் மூன்று நாள், ஜூலையில் மூன்று நாள், தார் போலக் கறுத்து ஒட்டிக்கொண்டு, தாங்க முடியாத நாற்றத்தோடு போயிற்றாம். தமக்கைக்கே அது புதிய செய்தி.

தார் போன்ற கறுப்பு மலம் மேல்குடலில் இரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். ஆயினும் இரும்புச்சத்து மாத்திரை உண்பவர்க்கும் மலம் கறுக்கும். மாமாவும் அம்மாத்திரை உண்டுகொண்டிருந்தார். மருந்துக்கடைச் சீட்டைத் தேடினோம்: அவர் அதை ஆரம்பித்தது ஆகஸ்டு 2ஆம் தேதி. கறுத்ததோ மேயிலும் ஜூலையிலும். எனவே மாத்திரை அதற்குக் காரணமன்று. இரண்டு தேதிகளை அடுத்தடுத்து எழுதியதும் விஷயம் வெளிச்சமாயிற்று. (அன்று மயக்கமோ, படபடப்போ, இரத்த வாந்தியோ, அப்போதும் கறுப்பு மலமோ இருந்திருக்குமாயின், தாளும் வேண்டாம் ஒன்றும் வேண்டாமென்று நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கே அழைத்துச் சென்றிருப்போம்.)

பிறகு ரிப்போர்ட்டுகள். அவற்றைத் தேதி வரிசையில் தரையில் பரப்பினோம். ஒவ்வொன்றிலிருந்தும் தேதி, எண், அந்த நிலையம் தரும் இயல்பு அளவு ஆகிய மூன்றையும் எடுத்தெழுதினோம். 'நார்மல்' என்று மட்டும் எழுதக் கூடாது. நிலையத்துக்கு நிலையம் அளவு சற்று மாறும். தனி ரிப்போர்ட்டில் தெரியாதது வரிசையில் தெரிந்தது. ஜனவரி 26இல் இரத்த தான முகாமில் ஹீமோகுளோபின் 13.8; அந்த அட்டை பையின் அடியில் கிடந்தது. ஏப்ரலில் 11.9. ஜூலை 30இல் 9.7. தானம் செய்தால் சிறிது குறைவது இயல்பே. ஆனால் ஆறு மாதம் இறங்கிக்கொண்டே போவது இயல்பன்று. சிவப்பணுவின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. என்பதும் 71க்கு வந்திருந்தது. 80க்குக் கீழிருந்தால் அணுக்கள் சிறுத்துவிட்டன என்று பொருள். இரும்புச்சத்துக் குறைவில் அவ்வாறு நேரும். எடையும் அதே முகாம் அட்டையில் 68 கிலோ, இப்போது 63.

ஸ்கேனைப் பொறுத்தவரை அதன் இறுதியிலுள்ள முடிவுரையை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தெழுதினோம். நம் விளக்கம் ஏதும் சேர்க்கவில்லை. அதில் பெரிதாக ஒன்றுமில்லை. "ஸ்கேன்ல ஒண்ணுமில்லேன்னுட்டாங்களே" என்று மாமா அதையே நம்பிக்கொண்டிருந்தார். வயிற்றுக்கு மேலே கருவியை வைத்து எடுக்கும் அந்த ஸ்கேன் கல்லீரலையும் பித்தப்பையையும் நன்கு காட்டும். இரைப்பையின் உட்புறத்துப் புண்ணைக் காட்டுவதற்கு அதை நம்ப முடியாது.

மருந்துப் பட்டியலில்தான் நேரம் சென்றது. "வேறே மருந்து ஒண்ணும் இல்லை" என்று சாதித்தார். "முதுகு வலிக்கு?" என்றோம். "அது மருந்தா? வலி மாத்திரை!" என்றார். முந்திய நவம்பரில் சாரத்திலிருந்து இறங்குகையில் முதுகு பிடித்துக்கொண்டதாம். அன்று முதல் டைக்ளோஃபினாக் 50 மில்லிகிராம், காலையும் மாலையும், சீட்டில்லாமல் கடையில் வாங்கி, வேலையுள்ள நாளெல்லாம். இவ்வகை வலி மாத்திரைகள் இரைப்பையின் உட்படலத்தைக் காக்கும் பொருள்களைக் குறைத்துப் புண்ணை உண்டாக்க வல்லவை. வலி மாத்திரை நவம்பரில்; வயிற்று வலி ஜனவரியில். அதையும் தேதியோடு எழுதினோம். நாட்டு மருந்து, லேகியம், சூரணம் ஆகியவற்றுக்கும் ஒரு வரி உண்டு. மாமாவுக்கு அவை இல்லை.

குடியைப் பற்றிய வரியில் சிறு சண்டை மூண்டது. "எழுதாதே மச்சான், உங்க அக்கா படிப்பா" என்று காதோடு சொன்னார். சனிக்கிழமைதோறும் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி. தமக்கைக்கு அது தெரியாதென்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், தெரியும். தாளில் அவ்விடத்தை வெறுமையாய் விட்டு, வைத்தியரிடம் தனியே அவரே கூறுவதென்று ஒப்பந்தமாயிற்று. சொன்னார் என்றே அறிகிறோம்.

கடைசி வரி, பாண்டோபிரசோல் 40 மில்லிகிராம், ஏப்ரல் முதல் விட்டுவிட்டு, கடைசியாக உண்டது நேற்றுக் காலை. அற்பமாகத் தோன்றிய இந்த வரிக்கே பின்னால் அதிகப் பயன் விளைந்தது.

வைத்தியர் தாளை இரண்டு நிமிடம் படித்தார். கறுப்பு மலத்தின் தேதிகளின் கீழ்க் கோடிட்டார். மூன்று கேள்விகள் மட்டும் கேட்டார். மறுநாளே எண்டோஸ்கோப்பி. சிறுகுடலின் தொடக்கத்தில் புண் இருந்தது. வலி மாத்திரை அன்றே நிறுத்தப்பட்டது. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிக்கும் சோதனை செய்தனர். (ஆஸ்திரேலியாவில் அக்கிருமியின் பங்கைக் கண்டறிந்த வாரன், மார்ஷல் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.) சோதனையில் கிருமி இல்லையென்று வந்தது. மாமா மகிழ்ந்தார், வைத்தியர் மகிழவில்லை. தாளின் கடைசி வரியைக் காட்டி, "இந்த மாத்திரை அமிலத்தை அடக்கும்போது கிருமியும் அடங்கிக் கிடக்கும், சோதனை ஏமாற்றலாம். இரத்தம் கசிந்த புண்ணிலும் அப்படியே. இல்லையென்று இப்போது நம்ப மாட்டேன்" என்றார். புண் ஆறும்வரை மாத்திரையைத் தொடரச் செய்து, பின்னர் அவர் சொன்னபடி இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மீண்டும் சோதித்தபோது கிருமி இருப்பதாக வந்தது. பதினான்கு நாள் மருந்துக்குப் பின், நான்கு வாரத்திற்குக் குறையாமல் பொறுத்து, மறுபடியும் சோதித்தனர். இம்முறை உண்மையாகவே இல்லை.

வாசகர் சிலர் இதைப் படித்துவிட்டு, சோதனைக்கென்று தாமே மாத்திரையை நிறுத்தக்கூடும். அது வேண்டாம், கடைசியாக உண்ட தேதியை எழுதிக்கொண்டு போவதோடு நம் வேலை தீர்ந்தது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் அதை முதல் வரியிலேயே எழுதுக. சதை எடுத்துச் சோதிப்பதற்குமுன் வைத்தியர் அறிய வேண்டுவது அது. பெற்றோர், உடன்பிறந்தோருக்குக் குடலில் புற்று வந்திருந்தால், எந்த வயதில் என்பதோடு குறிக்க. தாளின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். மூலம் வைத்தியரின் கோப்போடு போய்விடும்.

மாமாவின் தாள் இப்போது மூன்றாம் பதிப்பு. சென்ற மாதம் ஹீமோகுளோபின் 13.2. முதுகு வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அதற்குத் தனியே ஒரு தாள் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்.