நெறியாளருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல்

முதுநிலை ஆய்வுத்திட்டம் தொடங்கும் நாளில் நெறியாளர் பலர் மாணவரிடம் சொல்வது ஒன்றுதான்: "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்." அன்போடு சொல்லப்படும் இச்சொல்லே பின்னர் இடையூறாகிறது. குறித்த நாள் இல்லாததால், காட்டுவதற்கு ஏதேனும் முடிவு கிட்டட்டும் என்று மாணவர் காத்திருக்கிறார். முடிவு கிட்டாத வாரங்களில் ஒதுங்கிக்கொள்கிறார். உதவி மிகவும் தேவைப்படுவதோ அந்த வாரங்களில்தான்.

ஆகவே முதல் வாரத்திலேயே ஒரு மின்னஞ்சல் தேவை. சந்திப்பின் இடைவெளி, வரைவு கருத்துகளோடு திரும்பும் காலம் ஆகிய இரண்டையும் அது வரையறுக்க வேண்டும். இரண்டாவதைக் கேட்கப் பலரும் தயங்குகின்றனர். காலக்கணக்கோ அதில்தான் இருக்கிறது.

சனவரியில் தொடங்கி மே 8 அன்று ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். ஒப்புமைச் சோதனை, கையொப்பம், நூற்கட்டு ஆகியவற்றுக்கு ஒரு வாரம் போனால், இறுதி வடிவம் மே 1 அன்று வேண்டும். அதற்குமுன் திருத்துவதற்கு ஐந்து நாள், நெறியாளர் படிப்பதற்குப் பத்து நாள். முழு வரைவு ஏப்ரல் 16 அன்றே அவர் கைக்குச் சென்றாக வேண்டும். படிக்க இருபது நாள் வேண்டுமென்றால் அந்நாள் ஏப்ரல் 6 ஆகிவிடும். சனவரியில் இது தெரிந்தால் திட்டம். ஏப்ரலில் தெரிந்தால் மனக்கசப்பு.

அவர் இவ்வாறு எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, இரு வாரங்களுக்கு ஒருமுறை, வியாழன் பிற்பகல் 3 மணிக்கு அரைமணி நேரம் தங்களைச் சந்திக்க விரும்புகிறேன். முந்தைய நாளே அரைப்பக்கக் குறிப்பு அனுப்புவேன். சந்திப்பில் எடுத்த முடிவுகளை அன்றே எழுதி அனுப்புவேன். வரைவை ஒவ்வோர் இயலாகத் தருகிறேன். ஓர் இயலைப் படிக்கப் பத்து நாள் தங்களுக்குப் போதுமா? அக்காலம் கடந்தால் ஒருமுறை நினைவூட்டலாமா? தேர்வுப்பணி, பயணம் உள்ள வாரங்களைத் தெரிவித்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறேன்."

இதில் மாணவியின் கடமைகள் முதலில் வருகின்றன. கோரிக்கை பின்னர் வருகிறது. நாளும் நேரமும் முன்மொழியப்பட்டிருப்பதால், நெறியாளர் ஒரே வரியில் ஒப்பவோ மாற்றவோ இயலும். நினைவூட்டலுக்கு முன்னரே இசைவு பெறுவதே இம்மடலின் உயிர்நாடி. இசைவில்லாத நினைவூட்டல் மரியாதைக் குறைவாகத் தோன்றக்கூடும். இசைவு பெற்றதோ ஒப்பந்தத்தின் பகுதி.

மடலுக்கு மறுமொழி வராமலும் போகலாம். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாகாது. நேரில் கேட்டு, அவர் சொன்னதை அன்று மாலையே இரண்டு வரிகளில் எழுதி அனுப்பிவிட வேண்டும். எந்த மடலும் நெறியாளரைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மையே. ஆனால் பத்து நாள் என்று ஒப்பியவர் இருமுறை இருபது நாள் எடுத்துக்கொண்டால், பிப்ரவரியிலேயே அது புலப்படும். எழுதத் தொடங்கும் நாளை முன்னுக்கு இழுக்க அப்போது காலம் இருக்கும்.