ஒப்பந்தத்துக்கு ஒரு தமிழ், பிரட்டுக்களத்துக்கு ஒரு தமிழ்

2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபா என்றார்கள். அன்று அடிப்படைச் சம்பளம் 500தான். மீதி வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, விலைப்பங்குக் கொடுப்பனவு 30. ஒப்பந்தத்தில் இப்படிப்பட்ட சொற்கள் அப்படியே இருக்கட்டும்; தொழில் நியாயசபையில் வழக்காட ஒரே பொருள் தரும் சொல்தான் நமக்குக் காவல். ஆனால் பிரட்டுக்களத்தில் ஒட்டும் அறிவித்தலுக்கும் அதே நடை எதற்கு?

“20 நாள் வேலை குடுத்தா 15 நாளாச்சும் வரணும், இல்லன்னா 60 இல்ல. சொன்ன கிலோ எடுத்தாத்தான் 140. சேமலாப நிதி 500க்கு மட்டுந்தான்.” அன்று இப்படி எழுதியிருந்தால் மலையில் கொழுந்தெடுக்கும் அக்காவுக்கும் விளங்கியிருக்கும். நிர்வாகம் எழுதாது, விளங்கினால் கேள்வி வரும். தோட்டக் கமிட்டிகளே, நீங்கள் எழுதி ஒட்டுங்கள். அடியில் ஒப்பந்தப் பிரிவின் இலக்கத்தையும் போடுங்கள். தகராறு வந்தால் செல்லுபடியாவது அதுதான்.