ஸ்டாப்பை வேட்டையாடுவது யார்?

"நான் விற்றதும் விலை ஏறிவிட்டது, என் ஸ்டாப்பை யாரோ குறிவைத்துத் தட்டிவிட்டார்கள்!" விடுதி உணவுக்கூடத்தில் பங்கு வாங்கும் நண்பர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. இதில் உண்மை எவ்வளவு?

வேட்டை என்பது முழுக் கற்பனை அன்று. அந்நியச் செலாவணிச் சந்தையில் அது நடந்தே இருக்கிறது. 2014 நவம்பரில் பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் ஐந்து வங்கிகளுக்கு 110 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தது. வாடிக்கையாளரின் ஸ்டாப்புகளைத் தட்டிவிட வங்கி வணிகர்கள் முயன்றதும் அக்குற்றங்களுள் ஒன்று. ஆனால் அங்கே ஸ்டாப் ஆணை வங்கியின் கையிலேயே இருந்தது என்பதை மறவாதீர்கள். நம் தேசியப் பங்குச் சந்தையிலோ, தூண்டு விலை எட்டப்படும்வரை உங்கள் ஸ்டாப் மற்றவர் திரையில் தெரிவதில்லை.

அப்படியானால் விலை ஏன் சரியாக அங்கே வந்து திரும்புகிறது? ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பங்கு 500 ரூபாயில் இருமுறை தாங்கி, இப்போது 508இல் நிற்கிறது. வாங்கியவர் அனைவரும் 499.50இல் ஸ்டாப் வைக்கிறார்கள். இதை அறிய ஒற்றன் வேண்டுமா? வரைபடம் ஒன்றே போதும். ஐம்பதாயிரம் பங்கு வேண்டுபவர் 508இல் அள்ளினால் விலையைத் தாமே ஏற்றிவிடுவார். ஆகவே 499இல் காத்திருக்கிறார். விலை 500ஐ உடைத்ததும் ஸ்டாப்புகள் எல்லாம் விற்பனை ஆணைகளாகின்றன. அவருக்குச் சரக்கு கிடைக்கிறது. விற்போர் தீர்ந்ததும் விலை மீள்கிறது. சில வேளை அவரே சற்று விற்று விலையைத் தள்ளியும் விடலாம். அப்போதும் அவர் குறி உங்கள்மேல் அன்று, அங்கே குவிந்த கூட்டத்தின்மேல்தான்.

எனவே கூட்டத்திலிருந்து விலகி நில்லுங்கள். அப்பங்கின் சராசரி நாள் அசைவு 6 ரூபாய் என்றால், அதில் பாதியை 500இலிருந்து கழித்து, முழு எண்ணையும் தவிர்த்து, 496.70இல் ஸ்டாப் வைக்கலாம். அதற்காக நட்டத்தைப் பெருக்க வேண்டா. பங்கின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஐம்பதாயிரம் ரூபாய் முதலில் ஒரு விழுக்காடு, அதாவது 500 ரூபாய், இழக்கத் துணிந்தவர் 499.50 ஸ்டாப்புக்கு 58 பங்கு வாங்கலாம், 496.70க்கு 44 பங்குதான்.

இதற்கும் எல்லை உண்டு. இரவில் கெட்ட செய்தி வந்து காலையில் 480இல் சந்தை திறந்தால் எந்த ஸ்டாப்பும் 496.70ஐத் தராது. வரம்பு விலை இட்ட ஆணையாயின் விற்காமலே கிடக்கவும் கூடும்.

அடுத்த முறை ஸ்டாப் தட்டினால், விலை அதைத் தாண்டி எவ்வளவு போய்த் திரும்பியது என்று குறித்து வையுங்கள். பலமுறையும் ஓரிரு ரூபாயே என்றால், பழி வேடன்மேல் அன்று. எல்லாரும் நிற்கும் இடத்தில் நாமும் நின்றதன்மேல்தான்.