யார் சொன்னது என்பது தெரிய வேண்டும்



தோட்டங்களிலிருந்து வரும் பேட்டிகளை இந்த இதழிலிருந்து கேள்வி பதிலாக வெளியிடுகிறோம். காரணத்தை ஓர் உதாரணத்தோடு சொல்கிறோம். அதிலுள்ள பெயர் கற்பனை.

"தான் 19 கிலோ பறித்ததாகவும், 2 கிலோ கழித்து 17 என எழுதி அரைப்பேர் போட்டதாகவும், கணக்கப்பிள்ளையிடம் கேட்டபோது கொழுந்து ஈரம் என்றும், தான் செய்தது சரியே என்றும் கூறியதாகவும் லெட்சுமி தெரிவித்தார்."

இதில் இரண்டாவது 'தான்' யார்? கணக்கப்பிள்ளையா, லெட்சுமியா? நாளை விசாரணை வந்தால் இந்த ஒரு சொல்லைப் பிடித்தே, "அந்தப் பெண்ணே ஒப்புக்கொண்டிருக்கிறாள்" என்று வாதாட இடமுண்டு. இதையே பிரித்து எழுதினால்:

செய்திமடல்: அன்று எத்தனை கிலோ பறித்தீர்கள்?

லெட்சுமி: 19 கிலோ. ரெண்டு கிலோ கழிச்சி 17ன்னு எழுதினாங்க. அரைப்பேருதான் போட்டாங்க.

செய்திமடல்: ஏன் என்று கேட்டீர்களா?

லெட்சுமி: கேட்டேன். கொழுந்து ஈரம், நான் செஞ்சது சரிதான்னு கணக்கப்பிள்ளை சொன்னாரு.

மாற்றும்போது குறிப்புப் புத்தகத்தையோ போனில் பதிந்த பேச்சையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தியை மட்டும் பார்த்து மாற்றினால், 'தான்' 'நான்' ஆகும்போது ஆள் மாறிவிடும். 'கூறினார்', 'தெரிவித்தார்' எல்லாம் போய்விடும். அந்த வேலையைப் பெயரே செய்கிறது. தொழிலாளி சொல்லாமல் நாம் பார்த்து எழுதியவற்றை, அதாவது மலையின் நிலை, லயத்தின் நிலை போன்றவற்றை, பேட்டிக்கு மேலே சிறு முன்னுரையாக வையுங்கள். அவற்றை அவர் வாயில் போடக்கூடாது.

கேட்ட கேள்வி குறிப்பில் இல்லாவிட்டால், பதிலில் இருப்பதை மட்டும் கேட்கும் சிறிய கேள்வியாக எழுதுங்கள். "நிர்வாகம் உங்களை ஏமாற்றியதா?" என்று பின்னால் சேர்த்தால், அதே பதிலுக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். எழுதி முடித்ததும் பேட்டி கொடுத்தவருக்கு வாசித்துக் காட்டி, சரி என்ற பிறகே அனுப்புங்கள்.

தடித்த எழுத்து பெயருக்கும் அதன் பின்வரும் இரட்டைப் புள்ளிக்கும் மட்டும் போதும். கேள்வி முழுவதையும் தடிப்பாக்கினால், போட்டோ கொப்பி எடுக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளி அடைபட்டு 'க்' 'க' போலத் தெரியும். வேர்டில் தட்டச்சு செய்கிறவர்கள் Replace பெட்டியைத் திறந்து, இரண்டு கட்டத்திலும் 'லெட்சுமி:' என்று அடித்து, கீழ்க் கட்டத்தில் நின்று Ctrl+B அழுத்தி, Replace All கொடுத்தால் எல்லாம் ஒரே தடவையில் தடிப்பாகும். இரட்டைப் புள்ளியை விட்டுவிட்டால், பேச்சுக்கு நடுவே வரும் லெட்சுமியும் தடித்துப்போவார்.

பெயர் வெளியே தெரிந்தால் பிரச்சினை வரும் என்று அஞ்சுகிறவருக்கு, கொழுந்து பறிப்பவர்: என்று போட்டாலே போதும். ஆனால் பேட்டி முழுவதும் அதையே போட வேண்டும். நடுவில் மாறினால், வாசிக்கிறவர் இரண்டு பேர் பேசுவதாக நினைத்துக்கொள்வார்.