பணத்தை மாற்றி எழுதுங்கள், புள்ளியை மாற்றாதீர்கள்



வெளிநாட்டு வேலைக்கு சீவி அனுப்பும் நம்ம பிள்ளைகள் பலர் பணத்தை உள்ளூர்க் கணக்கிலேயே எழுதுகிறார்கள். புள்ளியை மட்டும் தாங்களாகவே வெளிநாட்டு அளவுக்கு மாற்றுகிறார்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது என்பதே என் கருத்து.

முதலில் பணம். ஹார்ட்வெயார் கடையொன்றில் கணக்கு எழுதிய பிள்ளை "Sales Rs. 2.4 crores" என்று போடுகிறார் என்று வைப்போம். ஐரோப்பியருக்குக் கோடி விளங்காது. டுபாயில் சீவி பார்ப்பவர் இந்தியராக இருந்தால் கோடி நன்றாக விளங்கும், ஆனால் Rs. என்றதும் இந்திய ரூபா என்றே எடுப்பார். அதன் பெறுமதி நம் ரூபாவைப் போல மூன்று மடங்குக்கும் மேல். பிறகு நேர்முகத்தில் உண்மை தெரியும்போது பிள்ளை கூட்டிச் சொன்னதாகத்தான் படும்.

மாற்றுவது சுலபம். கோடியைப் பத்தால் பெருக்கினால் மில்லியன், இலட்சத்தைப் பத்தால் வகுத்தால் மில்லியன். 2.4 கோடி என்றால் 24 மில்லியன், 35 இலட்சம் என்றால் 3.5 மில்லியன். சந்தேகம் என்றால் முழு எண்ணையும் எழுதி, வலப்பக்கமிருந்து மூன்று மூன்று இலக்கமாகக் கமா போட்டுப் பாருங்கள். million என்பதை முழுச் சொல்லாகவே எழுதுங்கள். வெறும் M போட்டால் அதை ஆயிரமாக வாசிக்கும் கணக்காளர்களும் உண்டு. ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால் வரி இப்படி அமையும்:

```
Annual sales: LKR 24 million (about USD 80,000)
```

சம்பளம் எழுதும்போது per month என்பதையும் சேருங்கள். இந்தியாவில் இலட்சக் கணக்கில் சொல்லும் சம்பளம் பெரும்பாலும் ஆண்டுக்குரியது.

இனிப் புள்ளி. 65 என்பது நம் உயர்தரத்தில் B. பிரித்தானியப் பல்கலைக்கழகத்தில் அது நல்ல இரண்டாம் வகுப்பு. அமெரிக்கப் பாடசாலைகள் பலவற்றில் D. ஆகவே 65% என்று மட்டும் எழுதினால் வாசிப்பவர் தன் நாட்டு அளவுகோலைத்தான் வைப்பார். அதற்குப் பயந்து சிலர் 25ஆல் வகுத்து "GPA 2.6" என்று போடுகிறார்கள். அப்படியொரு எண் எந்தச் சான்றிதழிலும் இல்லை. பரீட்சைத் திணைக்களச் சான்றிதழில் பாடங்களுக்கு இருப்பது தரம்தான். மூலச் சான்றிதழைக் கேட்கும் நாளில் இரண்டும் பொருந்தாவிட்டால், பொய் எழுதியவர் என்றே முடிவாகும்.

இருப்பதை அப்படியே எழுதி, அளவுகோலைப் பக்கத்தில் வையுங்கள்:

```
G.C.E. A/L Accounting: B (A = 75-100, B = 65-74)
```

தனியார் டிப்ளோமாவுக்குச் சதவீதம் தந்திருந்தால், சித்திப் புள்ளி எத்தனை என்பதையும் சேருங்கள். "64% (pass mark 40)" என்றால் யாருக்கும் விளங்கும். GPA கட்டாயம் வேண்டும் என்று கேட்டால், அவர்கள் ஏற்கும் மதிப்பீட்டு நிறுவனம் எது என்று கேட்டு, அதனூடாக எடுத்துக் கொடுங்கள்.

ரூபா எந்த நாட்டிலும் அதே தொகைதான், எழுதும் முறை மட்டுமே வேறு. புள்ளி அப்படியல்ல, அது கொடுத்த இடத்தின் அளவுகோலோடுதான் போக வேண்டும். வீட்டில் சீவி இருந்தால் இன்றைக்கே இந்த இரண்டு வரிகளையும் ஒருமுறை பாருங்கள்.