மனை விலை ஏறினால், லேத் பட்டறைக்கு ஏன் வட்டி ஏற வேண்டும்?

ஒரகடம் பக்கம் பஸ்ஸில் போனால் ஒரு பக்கம் தொழிற்சாலை மதில் சுவர், மறு பக்கம் கல் நட்ட மனைப் பிரிவுகள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்தது. ஒவ்வொரு ஆலை வரும்போதும், அது வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பும்போதும், சுற்றுப்பட்டு நிலத்தின் விலை ஏறியது.

இதில் எது நியாயமான ஏற்றம், எது வெறும் ஊதல்? ஆலை வந்தால் ஆட்கள் வருவார்கள், வாடகைக்கு வீடு கேட்பார்கள். அதனால் ஏறும் விலைக்கு அடித்தளம் உண்டு. ஆனால் ‘அடுத்த வருஷம் இன்னொருவர் இதைவிட அதிக விலைக்கு வாங்குவார்’ என்ற ஒரே நம்பிக்கையில் கைமாறும் மனைக்கு அந்த அடித்தளம் கிடையாது. பொருளாதாரத்தில் இதைத்தான் ‘சொத்து விலைக் குமிழி’ என்கிறார்கள்.

குமிழி ஊதும்போதே வட்டியை உயர்த்தி ரிசர்வ் வங்கி அதை அடக்க வேண்டுமா? அல்லது வெடித்த பிறகு சேதத்தைச் சரிசெய்தால் போதுமா? உலகம் முழுக்க மத்திய வங்கிகளில் பல ஆண்டுகளாக நடக்கும் வாதம் இது. ஒரகடத்தில் வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும்.

ஒரு சதவீதம் யாருக்கு வலிக்கும்?

ஒரு கற்பனைக் கணக்கு. ஒருவர் 10 லட்ச ரூபாய் கடன் வாங்கி ஒரு மனை வாங்குகிறார். விலை வருஷத்துக்கு 40 சதவீதம் ஏறும் என்று தரகர் சொல்வதை நம்புகிறார். அதாவது, அவர் எதிர்பார்க்கும் லாபம் 4 லட்சம். வட்டி 1 சதவீதம் கூடினால் அவருக்குக் கூடுதல் செலவு 10,000 ரூபாய். அதற்காக மனையை வேண்டாம் என்பாரா? மாட்டார்.

பக்கத்திலேயே ஒரு சின்னப் பட்டறை. கார் கம்பெனிக்கு உதிரி பாகம் செய்யும் நிறுவனத்திடம் ஜாப் ஒர்க் எடுத்து ஓடுகிறது. பில் பணம் வர இரண்டு, மூன்று மாதமாகும். அதுவரை இரும்பு வாங்கவும் கூலி கொடுக்கவும் வங்கியில் 50 லட்சம் கேஷ் கிரெடிட் வைத்திருக்கிறார்கள். வருஷ லாபம் 4 லட்சம். அதே 1 சதவீத உயர்வு இங்கே 50,000 ரூபாய். லாபத்தில் எட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது.

குமிழியை ஊதியவருக்குக் கொசுக்கடி, ஊதாதவருக்குத் தேள்கடி. மனை வாங்குபவரையும் நிறுத்தும் அளவுக்கு வட்டியை ஏற்றினால், அதற்கு முன்பே பட்டறைக்குப் பூட்டு விழுந்துவிடும்.

போதாததற்கு, நம்மூரில் வெறும் மனை பெரும்பாலும் கைப்பணத்தில்தான் வாங்கப்படுகிறது. சேமிப்பு, நகை அடகு, வேறு நிலம் விற்ற காசு. தனியார் பில்டர்கள் நிலம் வாங்க வங்கிகள் கடன் கொடுக்கவே ரிசர்வ் வங்கி விதிகள் அனுமதிப்பதில்லை. வங்கிக் கடனே வாங்காதவரை ரெப்போ வட்டி எப்படித் தடுக்கும்?

ரெட்டி எடுத்த வேறு ஆயுதம்

2005 முதல் 2008 வரை நாடு முழுக்க ரியல் எஸ்டேட் சூடு பிடித்தது. அப்போது ரிசர்வ் வங்கி கவர்னர் ஒய்.வி.ரெட்டி. ரெப்போ வட்டியும் அந்தக் காலத்தில் ஏறியது. 6 சதவீதத்திலிருந்து 2008 ஜூலையில் 9 சதவீதம் வரை போனது. ஆனால் அதற்கு முதன்மைக் காரணம் நிலமல்ல, விலைவாசி.

நிலச் சூட்டுக்கு அவர் எடுத்தது ‘ரிஸ்க் வெயிட்’ என்ற கருவி. ஒவ்வொரு கடனுக்கும் வங்கி தன் சொந்த மூலதனத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். அடிப்படை அளவு 9 சதவீதம். ஒரு கோடி ரூபாய் கடனுக்கு ரிஸ்க் வெயிட் 100 சதவீதம் என்றால் 9 லட்சம் ஒதுக்க வேண்டும். அதுவே 150 சதவீதம் என்றால் 13.5 லட்சம். மூலதனம் வங்கிக்கு விலை உயர்ந்த பணம். அதிகம் முடங்கும் கடனுக்கு வங்கி கூடுதல் வட்டி கேட்கும், அல்லது கொடுக்கவே தயங்கும்.

வணிக ரியல் எஸ்டேட் கடனுக்கான ரிஸ்க் வெயிட் 2005-ல் 100-லிருந்து 125 ஆகவும், 2006-ல் 150 ஆகவும் உயர்ந்தது. வணிக வளாகம் கட்டுபவருக்குக் கடன் இறுகியது. பட்டறைக்காரரின் கடனுக்கு இந்த உயர்வால் எந்த மாற்றமும் இல்லை.

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் சரிந்தபோது இதன் இன்னொரு பயன் தெரிந்தது. நவம்பரில் ரிசர்வ் வங்கி அந்த 150-ஐ மீண்டும் 100 ஆக்கியது. நல்ல காலத்தில் சேர்த்து வைத்த மூலதனம், கெட்ட காலத்தில் கடன் கொடுக்க உதவியது.

மறுதரப்பு என்ன சொல்கிறது?

வட்டியை உயர்த்தத்தான் வேண்டும் என்பவர்களிடமும் வலுவான வாதம் இருக்கிறது. அமெரிக்க மத்திய வங்கியின் ஆளுநர்களில் ஒருவராக இருந்த ஜெரமி ஸ்டீன் 2013-ல் அதை எடுத்து வைத்தார். விதிகள் வங்கியைக் கட்டினால், கடன் வேறு வழியில் போகும். வட்டி மட்டும்தான் எல்லாச் சந்து பொந்துகளிலும் நுழையும் என்பது அவர் கருத்து. கைப்பணத்தில் மனை வாங்குபவரைக்கூட அது ஓரளவு தொடும். ஃபிக்ஸட் டெபாசிட்டில் நல்ல வட்டி கிடைத்தால், ‘எதற்கு இந்த மனை?’ என்று யோசிப்பவர்கள் இருப்பார்கள்.

ஆனால் அதற்கு விலை என்ன என்பதை ஸ்வீடன் காட்டியது. வீட்டுக் கடன் பெருகுவதையும் மனதில் வைத்து, 2010 ஜூலையிலிருந்து ஓராண்டில் அந்நாட்டு மத்திய வங்கி வட்டியை 0.25-லிருந்து 2 சதவீதமாக்கியது. விலைவாசி உயர்வு பூஜ்யத்தை ஒட்டி இறங்கியது. வேலையின்மை 8 சதவீத அளவிலேயே நின்றது. துணை கவர்னர் லார்ஸ் ஸ்வென்சன் தொடர்ந்து எதிர்த்து, 2013-ல் பதவியை விட்டு விலகினார். 2015 பிப்ரவரியில் வட்டியைப் பூஜ்யத்துக்கும் கீழே இறக்க வேண்டியதாயிற்று.

இன்றைக்கு எதைப் பார்ப்பது?

2023 நவம்பரிலும் ரிசர்வ் வங்கி ரெட்டியின் வழியில்தான் போனது. அடமானமில்லாத பர்சனல் லோன் வேகமாகப் பெருகியபோது ரெப்போவை 6.5 சதவீதத்திலேயே வைத்துவிட்டு, அந்தக் கடன்களின் ரிஸ்க் வெயிட்டை 100-லிருந்து 125 ஆக்கியது. வீட்டுக் கடன், கல்விக் கடன், வாகனக் கடனுக்கு விலக்கு கொடுத்தது. வாகனக் கடன் இறுகியிருந்தால் ஒரகடத்து கார் ஆலைகளையே அது தொட்டிருக்கும்.

ஆகவே பாலிசி அறிவிப்பு வரும்போது ரெப்போ எண்ணோடு நிறுத்திவிடாமல், ரிஸ்க் வெயிட் பற்றி ஏதாவது சொல்கிறார்களா என்றும் பாருங்கள். ரிசர்வ் வங்கி எந்தக் கடனைப் பார்த்துக் கவலைப்படுகிறது என்பது அதில்தான் தெரியும். சூடு ஒரு மூலையில் இருந்தால் அந்த மூலைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும். எல்லாவகைக் கடனும் சேர்ந்து பெருகும்போதுதான் வட்டி உயர்வுக்கு அர்த்தம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் இந்த இரண்டு கருவிகளும் முழுசாகச் செய்ய முடியாது. கைப்பணத்தில் ஊதும் மனை விலையை ரிசர்வ் வங்கியால் நிறுத்த முடியாது. அந்தக் குமிழி உடைந்தால் நஷ்டம் வாங்கியவரோடு போகும். கடனில் ஊதிய குமிழி உடைந்தால், மனையே வாங்காமல் வங்கியில் பணம் போட்டவரையும் அது தொடும். ரிசர்வ் வங்கி காவல் காப்பது மனை விலையை அல்ல, அந்த டெபாசிட்டை.